வட்ட நாற்கரத்தில் மூலைவிட்டம்: எனக்கு 57.78 வருகிறது, விடை 56 என்கிறார்கள்

இரவுப்பாடம்:
மகள் பத்தாவது படிக்கிறாள். டியூஷனில் கொடுத்த தாளில் ஒரு கணக்கு, இரண்டு நாளாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ABCD ஒரு வட்ட நாற்கரம். AB = 39, BC = 60, CD = 52, DA = 25, மூலைவிட்டம் AC = 63. BD எவ்வளவு?

மூலைவிட்டங்களின் பெருக்கல், பக்கங்களை இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டியதற்குச் சமம் என்று எனக்கு நினைவு. அதனால் 39 × 60 = 2340, 52 × 25 = 1300, கூட்டினால் 3640. அதை 63-ஆல் வகுத்தேன், 57.78 வந்தது. விடைத்தாளில் 56 என்று இருக்கிறது. அச்சுப்பிழை என்று விட்டுவிடலாமா என்றால் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. சூத்திரம் சரியா என்று ஒரு சதுரத்தில் போட்டும் பார்த்தேன். பக்கம் 1, மூலைவிட்டம் √2. √2 × √2 = 2; 1×1 + 1×1 = 2. சரியாகத்தானே வருகிறது? எங்கே தப்பு?

சுருக்குவழி:
அக்கா, விடை 56 தான் கரெக்ட். எதிரெதிர் பக்கத்தைப் பெருக்கணும், நீங்க பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதைப் பெருக்கிட்டீங்க. AB-க்கு எதிர் CD: 39 × 52 = 2028. BC-க்கு எதிர் DA: 60 × 25 = 1500. மொத்தம் 3528. அதை 63-ஆல வகுத்தா 56. போட்டித் தேர்வுல அடிக்கடி வர்ற தாலமி தேற்றம் இது.

இன்னொண்ணு சொல்றேன். இந்தக் கணக்குல AC = 63-னு கொடுக்கவே தேவையில்லை. நாலு பக்கம் தெரிஞ்சாப் போதும். 3528 வந்ததும் காரணிப்படுத்தினா 56 × 63. ரெண்டு மூலைவிட்டமும் கிடைச்சாச்சு.

வரைபலகை:
தம்பி சொன்ன விடை சரி. காரணிப்படுத்தும் யோசனையை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். 3528 என்பது 49 × 72 கூடத்தான், 42 × 84 கூடத்தான். 56 × 63 என்று உங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் 63 ஏற்கெனவே கண்ணில் பட்டிருந்ததுதான். பெருக்கல் மட்டும் தெரிந்தால் இரண்டு எண்களையும் தனித்தனியே எடுக்க முடியாது. அதற்கு இன்னொரு உறவு வேண்டும், பிறகு சொல்கிறேன்.

அம்மா, உங்கள் சோதனையில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. சதுரத்தில் எல்லாப் பக்கமும் சமம். எதிர்ப்பக்கத்தைப் பெருக்கினாலும் அடுத்த பக்கத்தைப் பெருக்கினாலும் ஒன்றே வரும். அதனால் அது இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. 3-க்கு 4 செவ்வகத்தில் போட்டுப் பாருங்கள். மூலைவிட்டம் 5, பெருக்கல் 25. எதிர்ப்பக்கங்கள் 3×3 + 4×4 = 25, பொருந்துகிறது. உங்கள் முறையில் 3×4 + 3×4 = 24, பொருந்தவில்லை. செவ்வகத்தில் இந்தத் தேற்றம் அப்படியே பிதாகரஸ் தேற்றமாகிவிடுகிறது என்பதையும் மகளுக்குக் காட்டலாம்.

மறக்காமல் இருக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி இது. A, B, C, D என்று நான்கு பேர். அவர்களை இரண்டு ஜோடியாகப் பிரிக்க மூன்றே வழிதான்: AB-யும் CD-யும், AD-யும் BC-யும், AC-யும் BD-யும். தேற்றத்தில் வருவது இந்த மூன்று பெருக்கல்கள் மட்டுமே.

AC × BD = AB × CD + AD × BC

ஒவ்வொரு பெருக்கலிலும் நான்கு எழுத்தும் ஒரு முறை, ஒரே முறை வரவேண்டும். நீங்கள் எழுதிய AB × BC-யில் B இரண்டு முறை வந்து D விட்டுப்போயிற்று. எண்ணைப் போடும் முன்பே எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரவுப்பாடம்:
நான்கு பேரை ஜோடி பிரிப்பது என்றதும் மகளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நன்றி சார். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. 57.78-க்கும் 56-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். தப்பான முறை எப்படி இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது?

மனைக்கட்டு:
இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு இது ரொம்ப உபயோகமான விஷயமாகத் தெரிகிறது. எங்கள் மனை சரியான செவ்வகம் இல்லை. முன்பக்கம் 40 அடி, வலது 60, பின்பக்கம் 45, இடது 55. பத்திரத்தில் நான்கு பக்கமும் இருக்கிறது, மூலைவிட்டம் இல்லை. புரோக்கர் எதிர்ப்பக்கங்களுக்குச் சராசரி எடுத்து 42.5 × 57.5 = 2444 சதுர அடி என்கிறார். இந்தத் தேற்றத்தை வைத்து மூலைவிட்டம் கண்டுபிடித்துச் சரியான பரப்பு எடுத்துவிடலாமா? 40 × 45 + 60 × 55 = 5100 வரை போட்டுவிட்டேன். அடுத்தது என்ன?

வரைபலகை:
ஐயா, அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் மனையின் நான்கு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கிறது என்று யார் சொன்னது? நான்கு பக்கத்தின் நீளம் மட்டும் ஒரு நாற்கரத்தை நிலைநிறுத்தாது. நான்கு மரச்சட்டத்தை முனையில் ஒவ்வொரு ஆணி அடித்துக் கோத்தால் அது சாய்ந்தாடும். பக்கம் மாறாது, மூலைவிட்டமும் பரப்பும் மாறிக்கொண்டே இருக்கும். வட்டத்தில் பொருந்துவது அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு நிலை. உங்கள் மனை அந்த நிலையில் நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இந்த விஷயத்தில் இரண்டாம் பாஸ்கரர் மிகவும் கண்டிப்பானவர். 1150-இல் எழுதிய லீலாவதியில், மூலைவிட்டமோ செங்குத்தோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பிசாசு என்றே சொல்கிறார், அதற்கு விடை சொல்பவனையும் விடவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூலைவிட்டத்தை அளந்து வாருங்கள். முடிந்தால் இரண்டையும்.

அம்மா கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் படம் போட்டால்தான் புரியும், மகளையும் கூட உட்காரவையுங்கள். ஓர் அலகுக்கு 2 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். AC-யை 126 மி.மீ. வரையுங்கள். கவராயத்தில் A-யிலிருந்து 78, C-யிலிருந்து 120 வில் போட்டால் வெட்டும் இடம் B. கோட்டின் மறுபக்கம் A-யிலிருந்து 50, C-யிலிருந்து 104 போட்டால் D. இப்போது BD-யை அளந்து பாருங்கள். 112 வரவேண்டும். 57.78 சரியென்றால் 115 அரைக்கு வரும். மூன்றரை மி.மீ. வித்தியாசம் அளவுகோலில் நன்றாகவே தெரியும்.

அதன் பிறகு BD வழியே கத்தரித்து, BCD முக்கோணத்தைப் பின்பக்கமாகப் புரட்டி, B இருந்த இடத்தில் D-யும் D இருந்த இடத்தில் B-யும் வரும்படி ஒட்டுங்கள். புதிய AC-யை அளந்து எழுதுங்கள். மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.

பிழைதேடி:
தேற்றத்தை நிறுவுவதில் எனக்கு ஒரு சந்தேகம். AC-யின் மேல் ஒரு புள்ளி K எடுக்கச் சொல்வார்கள். அது மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளிதானே? அப்படி நினைத்துப் போட்டால் நிறுவலில் சொல்லும் முக்கோணங்கள் எனக்கு வடிவொத்தவையாக அமைய மாட்டேன் என்கின்றன. வெட்டுப்புள்ளியில் உருவாகும் முக்கோணங்கள் ஒத்து வருகின்றன, ஆனால் அவை தரும் விகிதங்களைக் கூட்டினால் தேற்றம் வரவில்லை.

சுருக்குவழி:
சைன் வெச்சுப் போட்டா நாலு வரியில முடிஞ்சிடும். எதுக்கு இந்த K எல்லாம்?

வரைபலகை:
சைன் வைத்துப் போடலாம், தப்பில்லை. ஆனால் அங்கே கூட்டல் சூத்திரத்தை எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சூத்திரத்தையே இந்தத் தேற்றத்திலிருந்து வருவிக்கலாம். எது முதலில் என்று தெரியாமல் போனால் வட்டமடித்துக்கொண்டிருப்போம்.

பிழைதேடி, K வெட்டுப்புள்ளி அல்ல. அதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். B-யில் நின்று பாருங்கள். B-யிலிருந்து மூன்று கோடுகள் போகின்றன: BA, BD, BC. BD-க்கும் BC-க்கும் இடையே ஒரு கோணம் இருக்கிறது இல்லையா? அதே அளவுக் கோணத்தை BA-யிலிருந்து உள்ளே திருப்பி ஒரு கோடு விடுங்கள். அது AC-யைத் தொடும் இடம்தான் K. அதாவது ∠ABK = ∠DBC.

இப்போது ABK, DBC இரண்டையும் பாருங்கள். B-யில் கோணம் சமம், நாமே அப்படி வைத்தோம். A-யில் இருக்கும் ∠BAC-யும் D-யில் இருக்கும் ∠BDC-யும் BC என்ற ஒரே நாணின் மேல், ஒரே பக்கத்தில் நிற்கின்றன. அதனால் சமம். முக்கோணங்கள் வடிவொத்தவை. AK / DC = AB / DB. அதாவது AK × BD = AB × CD.

மறுபாதியும் அப்படித்தான். ∠ABC முழுவதிலிருந்து சமமான துண்டை ஒரு புறம் கழித்தால் ∠KBC, மறுபுறம் கழித்தால் ∠ABD. இரண்டும் சமம். C-யில் ∠BCA, D-யில் ∠BDA, இரண்டும் AB நாணின் மேல். அதனால் KBC, ABD வடிவொத்தவை. KC × BD = BC × AD.

இரண்டையும் கூட்டுங்கள். AK-யும் KC-யும் சேர்ந்தால் AC. தேற்றம் வந்துவிட்டது.

நம் கணக்கிலேயே போட்டால் AK = 2028 / 56 = 36.21, KC = 1500 / 56 = 26.79. கூட்டினால் 63. மூலைவிட்டங்களின் வெட்டுப்புள்ளியோ A-யிலிருந்து 15 அலகிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 21 அலகு. உங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று இப்போது தெரிகிறதா?

பிழைதேடி:
தெரிகிறது, நன்றி சார். வெட்டுப்புள்ளி A-யிலிருந்து 15 என்றதும் மற்ற துண்டுகளையும் போட்டுப் பார்த்தேன். C பக்கம் 48, B பக்கம் 36, D பக்கம் 20. 15 × 48 = 720, 36 × 20 = 720, சரி. அப்புறம் தற்செயலாக 15² + 36² போட்டேன். 225 + 1296 = 1521, அது 39². 36, 48-க்கு 60. 48, 20-க்கு 52. 15, 20-க்கு 25. நான்கும் செங்கோண முக்கோணங்கள்! இந்த நாற்கரத்தில் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. கணக்கில் அதைச் சொல்லவே இல்லையே.

சுருக்குவழி:
அதனாலதான் பரப்பு ஈஸி. எதிர்ப்பக்கப் பெருக்கலைக் கூட்டி ரெண்டால வகுத்தாப் போதும், 3528 / 2 = 1764. வட்ட நாற்கரத்துக்கு இது ஷார்ட்கட்.

பிழைதேடி:
செங்குத்தாக வெட்டினால் மட்டும்தானே? 3-க்கு 4 செவ்வகத்துக்கு அப்படிப் போட்டால் 12.5 வரும். பரப்பு 12.

சுருக்குவழி:
ஆமா, இல்ல. சாரி. நான் இதுவரைக்கும் பார்த்த கணக்கெல்லாம் செங்குத்தா வெட்டுறதாவே இருந்திருக்கு போல.

வரைபலகை:
அப்படி அமைவதற்குக் காரணம் உண்டு. 3, 4, 5 என்ற செங்கோண முக்கோணத்தையும் 5, 12, 13 என்பதையும் எடுங்கள். முதல் முக்கோணத்தின் 3-ஐயும் 4-ஐயும் 13-ஆல் பெருக்கினால் 39, 52. இரண்டாவதன் 5-ஐயும் 12-ஐயும் 5-ஆல் பெருக்கினால் 25, 60. நம் நான்கு பக்கங்கள் வந்துவிட்டன. இப்படி இரண்டு செங்கோண முக்கோணங்களைப் பிணைத்து நாற்கரம் செய்யும் வழியை பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் தந்திருக்கிறார். பக்கம், மூலைவிட்டம், பரப்பு, விட்டம் எல்லாமே முழு எண்ணாக வருவதால் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது வசதி. அந்த டியூஷன் ஆசிரியர் தெரிந்தே எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இரவுப்பாடம்:
சார், நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து வரைந்தோம். BD 112 மி.மீ. வந்தது, பென்சில் முனை தடிமன் அளவுக்குத்தான் ஏறக்குறைய. கத்தரித்துப் புரட்டி ஒட்டியபோது மகள் கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டாள், மறுபடி ஒரு தாளில் செய்தோம். புதிய AC 130 மி.மீ. அதாவது 65. இன்னொன்றும் பார்த்தோம். ஒட்டுவதற்கு முன் அடித்தாளில் வட்டத்தையும் போட்டு வைத்திருந்தோம். புரட்டிய பிறகும் C அதே வட்டத்தின் மேல்தான் விழுந்தது. புதிய AC வட்டத்தின் மையப் புள்ளி வழியாகப் போகிறது!

வரைபலகை:
அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். புரட்டிய பிறகு பக்கங்கள் 39, 52, 60, 25 என்ற வரிசையில் நிற்கின்றன. இப்போது 39-க்கு எதிரே 60, 52-க்கு எதிரே 25. தேற்றப்படி 39 × 60 + 52 × 25 = 3640. நீங்கள் முதல் நாள் போட்ட அதே எண். அது குப்பை எண் அல்ல, புரட்டிய நாற்கரத்தின் மூலைவிட்டப் பெருக்கல். BD மாறவில்லை, 56. AC 65 ஆகிவிட்டது. 56 × 65 = 3640. நீங்கள் செய்த தவறு, ஒரு நாற்கரத்தின் பெருக்கலை எடுத்து இன்னொரு நாற்கரத்தின் மூலைவிட்டத்தால் வகுத்ததுதான். 65-ஆல் வகுக்க வேண்டியதை 63-ஆல் வகுத்தீர்கள். அதனால்தான் பக்கத்தில் வந்து நின்றது.

AC மையம் வழியாகப் போவதும் சரியே. அது விட்டம், அதனால் B-யில் செங்கோணம். 39² + 52² = 4225 = 65².

ஒரே வட்டத்தில் நான்கு நாண்களை எந்த வரிசையில் வைத்தாலும் சுற்றி வந்து மூடிக்கொள்ளும். சுழற்சியையும் பிரதிபலிப்பையும் விட்டால் மூன்று வரிசைதான், அவற்றில் வரும் மூலைவிட்டங்களும் மொத்தம் மூன்றே: 56, 63, 65. இப்போது முதலில் பாக்கி வைத்த இரண்டாவது உறவுக்கு வருகிறேன். AC தராமல் நான்கு பக்கம் மட்டும் தந்திருந்தால் இப்படிப் போகவேண்டும்.

முக்கோணத்தின் பரப்பு, மூன்று பக்கங்களின் பெருக்கலை சூழ்வட்ட ஆரத்தின் நான்கு மடங்கால் வகுத்தது. நாற்கரத்தை BD வழியே வெட்டினாலும் AC வழியே வெட்டினாலும் மொத்தப் பரப்பு ஒன்றே, வட்டமும் ஒன்றே. அதனால் ஆரம் இரு பக்கமும் அடிபட்டு,

BD × (AB × AD + CB × CD) = AC × (BA × BC + DA × DC)

என்று நிற்கும். BD-யோடு A-யிலும் C-யிலும் சந்திக்கும் பக்கங்கள், AC-யோடு B-யிலும் D-யிலும் சந்திக்கும் பக்கங்கள். இங்கேதான் அடுத்தடுத்த பக்கங்களைப் பெருக்க வேண்டும். அம்மாவின் நினைவில் கலந்தது இதுவாகக்கூட இருக்கலாம்.

எண்ணைப் போட்டால் BD × 4095 = AC × 3640. AC : BD = 9 : 8. AC-யை 9k, BD-யை 8k என்று வைத்தால் 72k² = 3528, k² = 49, k = 7. 63, 56. காரணி தேடும் வேலையே இல்லை, 49 × 72 என்ற பொய்யான ஜோடியும் தானே விலகிவிட்டது.

மனைக்கட்டு:
போய் அளந்துவிட்டு வந்தேன். உள்ளே முள்செடி இருந்ததால் ஆளை வைத்து வெட்டி வழி செய்துதான் டேப் பிடிக்க முடிந்தது. முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு 66 அடி. மற்றது 76 அடி 5 அங்குலம். பெருக்கினால் 5043 சொச்சம். தேற்றப்படி 5100 வரவேண்டும்.

சுருக்குவழி:
ஒரு சதவீதம்தானே வித்தியாசம். டேப் தொய்வுல போயிருக்கும். கிட்டத்தட்ட வட்ட நாற்கரம்னே வெச்சுக்கலாம்.

வரைபலகை:
வைத்துக்கொள்ளக் கூடாது. இது முக்கியமான இடம், நிதானமாகச் சொல்கிறேன்.

வட்டத்தில் பொருந்தினால் உங்கள் பக்கங்களுக்கு மூலைவிட்டங்கள் 71.6, 71.2 அடி வந்திருக்கும். நீங்கள் அளந்தது 66, 76 சொச்சம். ஒன்று ஐந்தரை அடி குறைவு, மற்றது ஐந்து அடி அதிகம். டேப் தொய்வில் ஐந்து அடி போகாது. 66 அடியை வைத்துக் கோணம் போட்டேன். முன் வலது மூலையில் ஏறக்குறைய 80°, அதற்கு எதிர் மூலையில் 82°. கூட்டினால் 162°. வட்டமாக இருந்தால் 180° வரவேண்டும். 18° குறைகிறது, ஆனால் பெருக்கலில் ஒரு சதவீதம்தான் குறைகிறது.

ஏன் இப்படி? K புள்ளிக்குத் திரும்புங்கள். D வட்டத்தில் இல்லாவிட்டாலும் DBC-க்கு வடிவொத்த ABK-யை வரையலாம், AK × BD = AB × CD, KC × BD = BC × AD இரண்டும் நிற்கும். ஆனால் K இப்போது AC கோட்டின் மேல் விழாமல் விலகி நிற்கும். AK-யும் KC-யும் சேர்ந்தால் AC-யை விடப் பெரிது. அதனால் மூலைவிட்டங்களின் பெருக்கல் எப்போதும் 5100-க்குக் கீழேதான். 5100 உச்சி. குன்றின் உச்சியில் கொஞ்ச தூரம் நடந்தாலும் உயரம் அதிகம் குறையாது இல்லையா, அதே கதைதான். பெருக்கல் 5100-க்கு அருகில் இருப்பதை வைத்து மூலைகள் வட்டத்தில் இருக்கின்றன என்று முடிவு கட்ட முடியாது. அதற்கு எதிர்க்கோணங்களைக் கூட்டிப் பார்ப்பதே நல்லது. பெருக்கல் 5100-ஐத் தாண்டினால் மட்டும் ஒன்று உறுதி: எங்கோ தப்பாக அளந்திருக்கிறீர்கள்.

பரப்புக்கு 66 அடி மூலைவிட்டமே போதும். 40, 60, 66 முக்கோணம் 1181 சதுர அடி. 45, 55, 66 முக்கோணம் 1225. மொத்தம் 2406 அல்லது 2407. புரோக்கர் கணக்கில் 37 சதுர அடி கூடுதல். எதிர்ப்பக்கச் சராசரி முறை செவ்வகம் தவிர எங்கே போட்டாலும் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. வாங்குகிறவர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

மனைக்கட்டு:
நான் விற்கிறவன் பக்கம் ஐயா. ஆனாலும் 2407 என்றே எழுதச் சொல்கிறேன். பின்னால் அளந்து பார்த்துப் பேச்சு வரக்கூடாது. பத்திரத்தில் இருக்கும் நான்கு பக்கங்களையும் ஒரு முறை நேரில் அளந்துவிடுகிறேன், இதுவரை அதைச் செய்யவில்லை.

பிழைதேடி:
தாலமிக்கு இது எதற்குத் தேவைப்பட்டது? அவர் வானியல்காரர் இல்லையா?

வரைபலகை:
வானியலுக்காகத்தான். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்தவர். அல்மஜெஸ்ட் நூலின் முதல் பகுதியில் நாண் அட்டவணை ஒன்று தருகிறார். விட்டம் 120 கொண்ட வட்டத்தில், அரை பாகையிலிருந்து 180° வரை அரை பாகைக்கு ஒன்றாக நாணின் நீளம். அப்போது சைன் கிடையாது, நாண்தான். அத்தனையையும் வரைந்து அளக்க முடியாது. தெரிந்த இரண்டு நாண்களிலிருந்து மூன்றாவதைக் கணக்கிட இந்தத் தேற்றம்.

ஒன்று போட்டுக் காட்டுகிறேன். AD-யை விட்டமாக வையுங்கள், 120. B, C இரண்டும் அரைவட்டத்தின் மேல். AB 60° வில்லின் நாண், நீளம் 60. AC 72° வில்லின் நாண், 70.534, அது ஐங்கோணத்தின் பக்கம், தனியே வரைகணிதத்தில் கிடைக்கும். விட்டத்தில் நிற்கும் கோணம் செங்கோணம் என்பதால் பிதாகரஸ் வைத்து BD = 103.923, CD = 97.082. இப்போது தேற்றம்: 70.534 × 103.923 = 7330.1. அதில் 60 × 97.082 = 5824.9 கழித்தால் 1505.2. அது BC × AD. 120-ஆல் வகுத்தால் BC = 12.543. 72°-இல் 60° போக மிச்சம் 12° வில்லின் நாண் கிடைத்துவிட்டது. நாம் இன்று சைன் கழித்தல் சூத்திரம் என்று படிப்பது இதுவேதான், விட்டத்தை 1 என்று வைத்தால் அப்படியே தெரியும்.

சுருக்குவழி:
சார், அப்ப நான் சொன்ன சைன் வழியும் இதுவும் ஒண்ணுதானே? பரீட்சையில எதை எழுதினாலும் மார்க் கொடுக்கணும்.

பிழைதேடி:
கூட்டல் சூத்திரத்தை வேறு வழியில் நிறுவியிருந்தால் கொடுக்கலாம். தாலமி தேற்றத்திலிருந்தே அதை எடுத்திருந்தால் எப்படிக் கொடுப்பது?

சுருக்குவழி:
புக்ல அது வேற வழியிலதான் இருக்கும். நான் கொடுப்பேன்.

இரவுப்பாடம்:
எங்கள் டியூஷனில் வடிவொத்த முக்கோணம்தான் எழுதச் சொல்கிறார்கள், அதையே எழுதிப் பழகுகிறாள். நேற்று தானாக ஒன்று கண்டுபிடித்தாள். 56, 63, 65 மூன்றையும் பெருக்கி, விட்டத்தின் இரண்டு மடங்கான 130-ஆல் வகுத்தால் 1764, அந்தப் பரப்பே வருகிறதாம். இந்த நாற்கரத்துக்கு மட்டுமா, எல்லா வட்ட நாற்கரத்துக்குமா என்று கேட்கிறாள். 3-க்கு 4 செவ்வகத்தில் போட்டாள். மூலைவிட்டங்கள் 5, 5, புரட்டி ஒட்டினால் வரும் மூன்றாவது 4.8. பெருக்கினால் 120, விட்டத்தின் இரண்டு மடங்கு 10, வகுத்தால் 12. சரியாக வந்துவிட்டது. ஆனால் முதல் நாள் நான் சதுரத்தில் ஏமாந்ததைப் பார்த்தவள், செவ்வகத்தையும் நம்ப மாட்டேன் என்கிறாள்.

வரைபலகை:
அவள் நம்பாமல் இருப்பது நல்லது. விடையைச் சொல்ல மாட்டேன். BD × 4095 என்று எழுதிய வரியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 4095 எந்த இரண்டு மூலைவிட்டங்களின் பெருக்கல் என்று பார்க்கச் சொல்லுங்கள்.